தேர்வு நாளில் மட்டும் வரும் வயிற்று வலி: பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேசிய ஒரு நிகழ்வு

எங்கள் பள்ளி பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறுநகரத்தின் தேசிய இடைநிலைப்பள்ளி. ஆலோசக ஆசிரியராக இருக்கும் என்னிடம் ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் படிவப் பெற்றோருக்குத் தமிழில் அரைமணி நேரம் பேசச் சொல்வார்கள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளின் மன அழுத்தத்தைப் பெற்றோர் எப்படிச் சமாளிப்பது. சத்தான உணவு, நல்ல தூக்கம், தன்னம்பிக்கை என்று பட்டியல் போட்டு முடித்துவிடலாம். பெற்றோர் தலையாட்டிவிட்டு, கேண்டீனில் மீகோரெங்கும் தேநீரும் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த முறை ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் பேசுவதென்று முடிவு செய்தேன். தேர்வு நாள் காலை ஐந்தரை மணி. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடக்கிறது. பள்ளிப் பேருந்து வர அரைமணி நேரம் இருக்கிறது. அம்மா என்ன செய்ய வேண்டும்?

இதைத் தேர்ந்தெடுக்க வருகைப் பதிவேடுதான் காரணம். முன்னோட்டத் தேர்வின்போது வராதவர்களின் பெயர்களைத் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டேன். மலாய்மொழித் தாளுக்கு வகுப்பு நிறைந்திருந்தது. கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் நாட்களில் இடங்கள் காலியாகக் கிடந்தன. காலியான இடங்களுக்கெல்லாம் முறையான எம்.சி. இருந்தது. பெரும்பாலானவற்றில் எழுதியிருந்தது வயிற்று வலி அல்லது தலைவலி.

இன்றைய ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவர்களுடைய பெற்றோர் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். என்று இரண்டு அரசாங்கத் தேர்வுகளை எழுதிப் பழகிய பிறகே எஸ்.பி.எம். மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள். யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. பி.எம்.ஆரின் இடத்துக்கு வந்த பி.டி.3 தேர்வும் 2022இல் போய்விட்டது. ஆகவே இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதப்போகும் அரசாங்கத் தேர்வே எஸ்.பி.எம்.தான். “நாங்கள் எல்லாம் எழுதவில்லையா?” என்று கேட்கும் அப்பாக்களுக்கு இதை முதலில் சொல்லிவிட்டேன்.

வந்த மாணவி

கூட்டத்தில் நான் விவரித்த மாணவியின் கதையை அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே சொன்னேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறிவியல் பிரிவு மாணவி, நன்றாகப் படிப்பவள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் பாட்டியும் இரண்டாம் படிவத்தில் படிக்கும் தம்பியும் இருக்கிறார்கள். தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு மாறி வந்த குடும்பம்.

ஆண்டுத் தொடக்கத்தில் இயற்பியல் மாதத் தேர்வு நாளன்று முதல் முறையாக வயிறு வலித்தது. அம்மா அன்று வீட்டிலிருந்தார். மகள் முகம் வெளுத்து, வியர்த்துப்போயிருந்ததைப் பார்த்து, “இன்றைக்குப் போக வேண்டாம், படுத்துக்கொள்” என்றார். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். பத்து மணிக்குள் வலி போய்விட்டது. மதியம் சோறு சாப்பிட்டாள். அடுத்த முறை வேதியியல். பக்கத்துக் கிளினிக்கில் இரைப்பை அழற்சி என்று சொல்லி வெள்ளை நிறத் திரவ மருந்தும் ஒரு நாள் எம்.சி.யும் கொடுத்தார்கள். மூன்றாவது முறை வலி முந்திய இரவே தொடங்கியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலையானாலே வயிறு பிசையத் தொடங்கிவிட்டது. முன்னோட்டத் தேர்வில் இரண்டு தாள்களை அவள் எழுதவே இல்லை.

என்னிடம் வந்தபோது அம்மா முதலில் கேட்ட கேள்வி இது: “டீச்சர், நடிக்கிறாளா?”

நடிக்கவில்லை. கூட்டத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்த இடத்தில்தான், ஏனென்றால் பாதி வீடுகளில் சண்டை தொடங்குவதே இங்குதான். ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. செரிமானத்துக்குப் போக வேண்டிய இரத்தம் கைகால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. இரைப்பையின் வேலை மந்தமாகிறது, பெருங்குடலோ சிலருக்கு வேகமாக இயங்கத் தொடங்குகிறது. குமட்டல், பிசைவு, அவசரமாகக் கழிவறைக்கு ஓடுவது எல்லாம் இதனால் வருபவை. வலி உண்மையானது. குடலில் நோய் இல்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது.

“போக வேண்டாம்” என்று அம்மா சொன்ன நிமிடத்தில் ஆபத்து விலகிவிடுகிறது, உடல் தணிகிறது, வலி குறைகிறது. ஓய்வெடுத்ததால் சரியானது என்று அம்மா நினைக்கிறார். பிள்ளையின் உடல் கற்றுக்கொள்வது வேறு: வீட்டில் இருந்தால் இது போகும். ஒரு செயல் வேதனையை நீக்கினால் அந்தச் செயல் மீண்டும் மீண்டும் நடக்கும் என்பதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். ஒவ்வொரு முறை தப்பித்ததும் அடுத்த முறை பயம் சற்று முன்னதாகவே வருகிறது, சற்று அதிகமாகவும் வருகிறது. இந்த மாணவிக்குக் காலையில் வந்த வலி முந்திய இரவுக்கு நகர்ந்ததும், பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்ததும் இதனால்தான். இடையில் படிக்காத பாடங்கள் சேர்ந்துகொண்டே போக, பயப்படுவதற்கு உண்மையான காரணமும் ஒன்று முளைத்துவிடுகிறது.

என் அனுபவத்தில் திட்டுகிற பெற்றோரைவிட, இரக்கப்பட்டு வீட்டில் நிறுத்திக்கொள்கிற பெற்றோரின் பிள்ளைகளிடமே இந்தச் சிக்கல் வேகமாக வளர்கிறது. இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த சில தாய்மார்களின் முகம் சுருங்கியது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

குதிரைக் காலண்டர்

முதலில் நோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை முழுமையாகக் காட்டச் சொன்னேன். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைவது, மலத்தில் இரத்தம், வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் நின்று குத்தும் வலி, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது பரீட்சைப் பயம் என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலியையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு, சமையலறைச் சுவரில் தொங்கிய குதிரைக் காலண்டரில் வலி வந்த நாட்களை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிடும்படி அம்மாவிடம் கேட்டேன். பழைய நாட்களுக்கு எம்.சி. தாள்களைப் பார்த்துக் குறித்தார். பந்தயக் குதிரைப் படங்களுக்கு நடுவே சிவப்பு வட்டங்கள் விழுந்திருந்தன. பள்ளியின் தேர்வு அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பள்ளி விடுமுறை வாரங்களில் ஒரு வட்டம்கூட இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் பலகாரமாகத் தின்றபோதும் இரைப்பை அழற்சி எட்டிப்பார்க்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இயற்பியல் வாத்தியார் பெயரை எழுதி மாட்டியிருக்கலாம்” என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்த வகுப்பில் மதிப்பெண்களை உரக்க வாசிக்கும் பழக்கம் இருந்தது. பிள்ளை பயப்படுவதற்குப் பள்ளியிலேயே காரணம் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் பெற்றோரிடம் மட்டும் பொறுப்பைத் தள்ளுவது நியாயமில்லை. அந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டது. பகடிவதை நடக்கிறதா என்பதையும் நாங்கள் விசாரித்தோம். இந்த மாணவிக்கு அது இல்லை.

காலையில் என்ன பேசுவது

கூட்டத்தில் வெண்பலகையில் ஒரு மலை வரைந்தேன். பயம் ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, பிறகு தானாக இறங்குகிறது. உடலால் அந்த உச்சியிலேயே மணிக்கணக்காக நிற்க முடியாது. தப்பித்து ஓடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் அரைமணி, முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கம் தொடங்கிவிடும். உச்சிக்குப் போகுமுன் இறக்கிவிடப்படும் பிள்ளைக்கு மறுபக்கச் சரிவு இருப்பதே தெரிவதில்லை.

ஒரு தாய் கேட்டார்: “டீச்சர், கண்ணெதிரே அழுகிற பிள்ளையை எப்படித் தள்ளி அனுப்புவது?”

சொல்லும் வாக்கியத்தில் இரண்டு பகுதி வேண்டும். முதல் பகுதி வலியை ஒப்புக்கொள்வது, இரண்டாம் பகுதி பிள்ளையால் முடியும் என்று காட்டுவது. “வயிறு வலிக்கிறது என்று தெரிகிறதும்மா, கஷ்டமாகத்தான் இருக்கும். அதோடு போய் உட்கார உன்னால் முடியும்.” அவ்வளவுதான். “ஒன்றும் இல்லை, பயப்படாதே” என்றால் முதல் பகுதி இல்லை. “ஐயோ பாவம், படுத்துக்கொள்” என்றால் இரண்டாவது இல்லை. “நடிக்காதே” என்றால் இரண்டுமே இல்லை. சொன்ன பிறகு விவாதம் வளர்க்கக் கூடாது. சீருடை, தண்ணீர்ப் புட்டி, இரண்டு வாய் ரொட்டி என்று காலை வேலை நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

பின்வரிசையில் நின்றிருந்த ஒரு தந்தை, “எங்கள் காலத்தில் அப்பா கையில் பிரம்பு இருந்தது, வயிறு வலிக்கவே இல்லை” என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதும் பலருக்கு வலித்தது, அவர்களில் பலர் பள்ளியை விட்டே நின்றுபோனார்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை.

ஒரு பாட்டி திருஷ்டி கழிப்பதைப் பற்றிக் கேட்டார். முந்திய நாள் மாலையில் தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். காலையில் நெற்றியில் திருநீறு பூசி அனுப்ப ஒரு நிமிடம் போதும். தாள் தொடங்கும் நேரத்தில் பிள்ளையை மந்திரிக்க அழைத்துப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன், அதுவும் எம்.சி.யைப் போலவே வேலை செய்துவிடும்.

இரவில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இதன் இன்னொரு வடிவம். “அம்மா, நான் பாஸாகிவிடுவேனா?” என்று இந்த மாணவி படுக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். “கண்டிப்பாக ஆவாய்” என்று அம்மா சொல்வார். அந்த நிம்மதி ஐந்து நிமிடம் தாங்கும், பிறகு மறுபடியும் கேள்வி. ஒருமுறை பதில் சொல்லுங்கள், அடுத்த முறை, “இதற்குப் பதில் சொல்லிவிட்டேன், பயம்தான் மறுபடியும் கேட்கிறது” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே பேசினேன். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. நள்ளிரவு நெஸ்கஃபேயும் ஐந்து மணி அலாரமும் சேர்ந்தால் ஆரோக்கியமான வயிறும் பிசையும்.

நடந்த விதம்

திட்டம் அம்மா, பாட்டி, மாணவி, நான் நால்வரும் உட்கார்ந்து போட்டது. நேராகத் தேர்வு மண்டபத்தில் தொடங்கவில்லை. முதலில் என் அறையில் பழைய இயற்பியல் வினாத்தாளோடு இருபது நிமிடம். எழுதத் தெரியாவிட்டாலும் எழுந்து போகக் கூடாது. பிறகு வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு முழுப் பாடவேளை. அதற்குப் பிறகு விடுபட்ட முன்னோட்டத் தாளை மண்டபத்தில், சரியான நேரத்தில், மேற்பார்வையாளர் முன்னிலையில். ஒருமுறை கழிவறைக்குப் போகலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லிக் கொடுத்தேன், ஆனால் அது வலியைத் துரத்தும் மந்திரம் இல்லை என்பதையும் சொன்னேன். மூச்சு விட்டும் வலி போகவில்லை என்று பதறினால் அதுவே இன்னொரு பயமாகிவிடும்.

வீட்டுக்கு ஒரே ஒரு விதி. உடம்பு முடியாமல் வீட்டிலிருந்தால் அது சலிப்பான நாளாக இருக்க வேண்டும். கைப்பேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை, தம்பியோடு அரட்டை இல்லை. படுக்கை, கஞ்சி, அன்று எழுத வேண்டிய பாடத்தின் புத்தகம். காய்ச்சல்கார வீட்டில் வழக்கமாக நடப்பதுதான்.

உண்மையான சிக்கல் காலை ஐந்தரைக்கு யார் பொறுப்பு என்பதில் இருந்தது. அப்பா லோரியில், அம்மா காலை ஷிப்ட் என்றால் தொழிற்சாலைப் பேருந்தில். மிஞ்சுவது பாட்டி மட்டும். பேத்தி அழுதால் பாட்டி இளகிவிடுவார். தேர்வு வாரங்களில் மாலை ஷிப்ட் கேட்டு வாங்கினார் அம்மா. கிடைக்காத நாட்களில் பக்கத்து வீட்டு அத்தை தன் வேனில் ஏற்றிச் சென்றார். அந்த அத்தையிடமும் அதே இரண்டு பகுதி வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

முதல் வாரம் மோசமாகப் போனது. இது எதிர்பார்த்ததுதான். இதுவரை பலன் தந்த ஒரு வழி திடீரென்று அடைபட்டால், விட்டுப்போகுமுன் அது இன்னும் பலமாக ஒருமுறை முயன்று பார்க்கும். மாணவி கதவைத் தாழிட்டுக்கொண்டாள், ஒருநாள் வேனில் வாந்தி எடுத்தாள், “உங்களுக்கு என்மேல் அன்பில்லை” என்று கத்தினாள். பெரும்பாலான வீடுகள் இந்த வாரத்தில்தான் விட்டுக்கொடுக்கின்றன. விட்டுக்கொடுத்தால் நிலைமை தொடங்கிய இடத்தைவிடக் கீழே போகும், ஏனென்றால் போதுமான அளவு கத்தினால் கதவு திறக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். வாந்தி எடுத்த அன்று அம்மா எனக்குத் தொலைபேசியில் அழுதார். முகத்தைக் கழுவி, சட்டை மாற்றி, தாமதமானாலும் அழைத்து வரச் சொன்னேன். இரண்டாம் பாடவேளைக்கு வந்தாள். இடைவேளையில் கேண்டீனில் கறிபாவ் தின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரத்தில் வலி நிற்கவில்லை, ஆனால் தாளைத் திறந்து கொஞ்ச நேரத்தில் குறைகிறது என்று அவளே சொன்னாள். நான் எதிர்பார்த்தது அதுதான். வலி முழுவதும் போய்விட வேண்டும் என்பது இந்த முறையின் நோக்கமல்ல.

அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது. “எஸ்.பி.எம். போனால் தோட்டத்தில் குலை வெட்டத்தான்” என்பது அவர் வாயிலிருந்து தினமும் வரும் வாக்கியம். நம் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்த மிரட்டலுக்கு நிஜத்தில் பொருளே இல்லை, ஆனாலும் அவள் அதை நம்பினாள். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியும் வரலாறும் தேறினால் போதும், கூடுதல் கணிதத்தில் சறுக்கினாலும் ஆறாம் படிவம், பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி என்று பாதைகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அந்தத் தாளை மடித்து லோரியின் கண்ணாடி மறைப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகு அந்த வாக்கியம் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

எஸ்.பி.எம்.மில் எம்.சி. காட்டி வேறு நாள் கேட்க முடியாது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பள்ளித் தேர்வில் கிடைத்த விலக்கு அங்கே இல்லை. மருத்துவமனையில் படுத்திருப்பவர் அங்கேயே எழுத ஏற்பாடு செய்யலாம், ஆனால் அதைப் பள்ளியிடம் உடனே சொல்ல வேண்டும். இந்த மாணவி எல்லாத் தாள்களையும் எழுதினாள். இயற்பியல் நாளன்று ஒருமுறை கழிவறைக்குப் போய்த் திரும்பினாள். கூடுதல் கணிதத்தில் டி கிடைத்தது, மற்றவை அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தன.

இந்த முறை பொருந்தாத இடம்

கூட்டத்தில் இதை அழுத்திச் சொன்னேன். பிள்ளை பல நாட்களாகத் தூங்கவில்லை, சாப்பாட்டை ஒதுக்குகிறது, பிடித்த எதிலும் நாட்டமில்லை, கையைக் கீறிக்கொள்கிறது, “நான் இல்லாவிட்டால் நல்லது” என்று பேசுகிறது என்றால் பள்ளிக்கு அனுப்பும் திட்டத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது பரீட்சைப் பயத்தைத் தாண்டிவிட்டது. அன்றே அரசாங்கக் கிளினிக்குக்கோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ கொண்டு போக வேண்டும், தனியாக விடக் கூடாது. பிள்ளையிடம் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் கைப்பேசியில் பதிந்துகொண்ட பிறகே தேநீர் என்று வேடிக்கையாகச் சொன்னேன். பெரும்பாலோர் பதிந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பள்ளியில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஒரே மாணவர் மூன்றாவது முறையாகத் தேர்வு நாளில் வராமல் போனால், எம்.சி. இருந்தாலும் வகுப்பாசிரியர் அன்று மாலையே வீட்டுக்கு அழைக்கிறார். பெற்றோர் கூட்டமும் முன்னோட்டத் தேர்வுக்குப் பிந்திய சனிக்கிழமைக் காலையிலிருந்து, ஆண்டின் முதல் மாதத் தேர்வு முடிந்த கையோடு ஒரு வார நாள் இரவு எட்டு மணிக்கு மாற்றப்பட்டது. லோரி ஓட்டுபவர்களும் ஷிப்ட் முடிந்தவர்களும் வர முடிகிற நேரம் அது.